படத்தில் வந்த பின்னக் கணக்குகள்: வாசித்தல், மாற்றுதல், எது பெரிதெனக் காணுதல்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் மேல்தளத்தில் தரம் 7 படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். வகுப்புக் குழுவில் பயிற்சித்தாளின் படம் வட்ஸ்அப் வழியாக வரும். அதைத் தாயாரின் தொலைபேசியில் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு, விளங்காத இடங்களைக் கேட்பதற்கு எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவாள். சென்ற வாரம் அவள் கேட்டது இதுதான்: "அங்கிள், முறைமையில்லாப் பின்னமாக மாற்றச் சொல்லியிருக்கு. ஆனால் 23/4 ஏற்கெனவே முறைமையில்லாப் பின்னம்தானே, இதில் மாற்ற என்ன இருக்கு?"

கேள்வி நியாயமானது. தொகுதி எண்ணாகிய 23, பகுதி எண்ணாகிய 4 ஐ விடப் பெரியது. ஆகவே அது முறைமையில்லாப் பின்னமே. ஆனால் தாளில் அச்சாகியிருந்தது 23/4 அன்று. இரண்டும், அதன் பக்கத்தில் நாலில் மூன்றும் சேர்ந்த ஒரு கலப்பு எண் அங்கே இருந்தது. படம் சாய்வாக எடுக்கப்பட்டு, தாளின் மடிப்பு நிழலும் விழுந்திருந்தபடியால், தனித்து நின்ற 2 தொகுதி எண்ணாகிய 3 உடன் ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்திருக்கிறது. கணக்கில் அவள் பிழை விடவில்லை. வாசித்ததிலேயே பிழை நேர்ந்திருந்தது. எனவே மாற்றும் முறைக்குப் போகுமுன் படத்தை வாசிப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் படத்தை வாசிக்கவும்

கலப்பு எண்ணின் முழுவெண் எப்போதும் பின்னக் கோட்டின் இடப்பக்கத்தில், கோட்டின் மட்டத்தில் நிற்கும். பெரும்பாலும் மற்ற இலக்கங்களை விடப் பெரிதாக அச்சாகியிருக்கும். அந்த 2 இன் கீழே கோடு நீண்டு செல்கிறதா என்பதைப் பார்த்தாலே போதும். கோடு 3 இன் அடியில் மட்டும் இருந்தால் 2 முழுவெண். கோடு இரண்டு இலக்கங்களின் அடியிலும் ஓடினால் 23 என்பதே தொகுதி எண். படத்தைப் பெரிதாக்கி இலக்கத்தைப் பார்ப்பதைவிடக் கோட்டின் நீளத்தைப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் அனுபவம், ஏனெனில் இலக்கம் மங்கிப்போன படத்திலும் கோட்டின் இரு முனைகளும் பெரும்பாலும் தெரிகின்றன.

வேறு மூன்று இடங்களிலும் ஏமாற வாய்ப்புண்டு. வினா இலக்கத்தின் பின்னால் புள்ளி மங்கியிருந்தால், மூன்றாவது வினாவாகிய 2/5 என்பது மூன்றும் ஐந்தில் இரண்டும் போலத் தோன்றும். படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் முழுவெண் காணாமற்போய் வெறும் 5/8 மிஞ்சும். கொப்பியில் கையால் எழுதிய கணக்கென்றால், கொப்பியின் கோடும் பின்னக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, 17 உம் 5 உம் தனித்தனி எண்களாகத் தெரியும். இவற்றைக் கண்டுபிடிக்க வினாவின் அறிவுறுத்தலே துணை. "முறைமையில்லாப் பின்னமாக மாற்றுக" என்ற தலைப்பின் கீழ் 5/8 என்று மட்டும் இருந்தால் அங்கே ஏதோ குறைகிறது; "எது பெரிது" என்ற வினாவில் ஒரே ஒரு எண் தெரிந்தாலும் அப்படியே. அந்தப் பிள்ளையின் கேள்வியும் இத்தகைய எச்சரிக்கைதான், அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு. படத்தை அனுப்புகிறவர் அதனை ஆவணமாக இணைத்து அனுப்பினால் படம் சுருங்காமல் வரும்; மங்கலில் பாதி அப்போதே நீங்கிவிடும்.

வாசித்தவுடன் கலப்பு எண்ணைக் கூட்டற் குறியுடன் எழுதிக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு. இரண்டும் நாலில் மூன்றும் என்பதை 2 + 3/4 என்று எழுதினால் அது 23/4 ஆகவும் மாறாது, 2 × 3/4 ஆகவும் மாறாது. பின்னைய குழப்பம் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வருகிறது: பக்கத்தில் பக்கமாக எழுதினால் பெருக்கல் என்று அட்சரகணிதத்தில் படித்துவிட்டு, கலப்பு எண்ணையும் அவ்வாறே பெருக்கி 6/4 என்று எழுதுவார்கள். இந்தப் பக்கத்திலும் ஒரே வரியில் தட்டச்சுச் செய்யவேண்டியிருப்பதால் கலப்பு எண்களைக் கூட்டற் குறியுடனேயே எழுதுகிறேன்.

கலப்பு எண்ணிலிருந்து முறைமையில்லாப் பின்னத்துக்கு

கடையில் பாண் வாங்குகிறோம். இரண்டு முழுப் பாணும் ஒரு முக்கால் பாணும் கையில் இருக்கின்றன; எல்லாவற்றையும் கால் பாண்களாக வெட்டினால் எத்தனை துண்டுகள் வரும்? ஒரு பாணுக்கு 4 துண்டுகள் வீதம் இரண்டு பாணுக்கு 8 துண்டுகள். முக்காலில் ஏற்கெனவே 3 துண்டுகள் உள்ளன. மொத்தம் 11 கால்கள். அதாவது:

2 + 3/4 = (2 × 4 + 3)/4 = 11/4

முழுவெண்ணைப் பகுதி எண்ணால் பெருக்கித் தொகுதி எண்ணைக் கூட்டுவது என்ற விதி இவ்வளவுதான். பகுதி எண் மாறாமல் 4 ஆகவே இருப்பதற்குக் காரணம், துண்டின் அளவு மாறவில்லை என்பதே. முதலிலும் கால், இப்போதும் கால். சில பிள்ளைகள் பகுதி எண்ணையும் 2 ஆல் பெருக்கி 11/8 என்று எழுதுவார்கள். 11/8 என்பது ஒன்றை விடச் சற்றுப் பெரிய எண். நம்மிடம் இருந்ததோ இரண்டு பாணுக்கும் மேல். 2 + 3/4 என்ற எண் 2 க்கும் 3 க்கும் இடையில் இருந்தே ஆகவேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இத்தகைய பிழைகள் இந்த இடத்தில் பிடிபடும். 23/4 என்பது 5 + 3/4, அது 5 க்கும் 6 க்கும் இடையில் இருக்கிறது; 6/4 என்பது 1 க்கும் 2 க்கும் இடையில். ஒரே படத்தின் மூன்று வாசிப்புகள் மூன்று வெவ்வேறு இடங்களில் போய் நிற்கின்றன.

எதிர்த்திசையில் செல்லுதல்

29/8 ஐக் கலப்பு எண்ணாக்க, எட்டிலொன்றுத் துண்டுகள் 29 இலிருந்து எத்தனை முழுமைகளைச் சேர்த்தெடுக்கலாம் என்று கேட்க வேண்டும். ஒரு முழுமைக்கு 8 துண்டுகள் தேவை. 29 ஐ 8 ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 5. மூன்று முழுமைகளும், மிஞ்சிய ஐந்து எட்டிலொன்றுகளும் ஆகையால் விடை 3 + 5/8.

இங்கே வழக்கமான பிழை ஈவையும் மீதியையும் இடம் மாற்றி 5 + 3/8 என்று எழுதுவது. நீள் வகுத்தலில் ஈவு மேலேயும் மீதி அடியிலும் நிற்பதால் அவசரத்தில் கடைசியாகக் கண்ணில் பட்ட மீதியை முதலில் எழுதிவிடுகிறார்கள். சரிபார்க்க, வந்த விடையைத் திரும்ப முறைமையில்லாப் பின்னமாக்கிப் பார்க்கலாம்: 5 × 8 + 3 = 43, ஆகவே அது 29/8 அன்று. இன்னொரு பிள்ளை 2 + 13/8 என்று எழுதிக் கொண்டுவந்ததுண்டு. பெறுமானத்தில் அது சரியே, 16 உம் 13 உம் 29 தான். ஆனால் 13 துண்டுகளுக்குள் இன்னும் ஒரு முழுமை ஒளிந்திருப்பதால் வகுத்தல் முடியவில்லை. மீதி எப்போதும் பகுதி எண்ணை விடச் சிறிதாக இருக்க வேண்டும். 24/6 போன்றவற்றில் மீதியே இல்லை. விடை 4 என்ற முழுவெண் மட்டுமே, அதன் பக்கத்தில் 0/6 எழுதத் தேவையில்லை.

இரண்டில் எது பெரிது

இரண்டு எண்களையும் கலப்பு எண்களாக்கிக்கொண்டு முழுவெண்களை முதலில் ஒப்பிடுவதே நல்ல வழி. 2 + 3/4 உம் 3 + 1/8 உம் தரப்பட்டால், பின்னப் பகுதிகளைத் தொடவே தேவையில்லை. முன்னையது 3 ஐ எட்டவில்லை, பின்னையது 3 ஐத் தாண்டிவிட்டது. குறுக்குப் பெருக்கலை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கே 3 × 8 = 24, 1 × 4 = 4 என்று பின்னப் பகுதிகளைப் பெருக்கி, முன்னையதுதான் பெரிது என்று முடித்துவிடுவார்கள். முழுவெண்கள் வேறுபட்டால் குறுக்குப் பெருக்கலுக்கு அங்கே வேலை இல்லை.

முழுவெண்கள் சமமாக இருந்தால் பின்னப் பகுதிகளை மட்டும் பார்க்கலாம். 2 + 3/5 உம் 17/7 உம் என்றால், 17/7 என்பது 2 + 3/7. இரண்டிலும் மூன்று துண்டுகள். ஐந்தாக வெட்டிய துண்டு ஏழாக வெட்டிய துண்டை விடப் பெரிதாகையால் 2 + 3/5 பெரிது. தாளில் 3 + 5/8, 29/8 என்ற சோடியும் இருந்தது; அவை சமம் என்பதை மேலே கண்டோம். பெரியதைக் கேட்கும் வினாவில் சமமான சோடியும் வரலாம் என்பதைப் பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை.

அந்தத் தாளில் கடினமாக இருந்தது கடைசிச் சோடி: 23/6, 27/7. முன்னையது 3 + 5/6. பின்னையது 3 + 6/7. முழுவெண்கள் சமம், தொகுதி எண்களும் பகுதி எண்களும் வேறு. ஆனால் இரண்டு பின்னப் பகுதிகளும் ஒரு முழுமைக்கு ஒரே ஒரு துண்டு குறைந்தவை. 5/6 க்கு 1/6 குறைகிறது, 6/7 க்கு 1/7 குறைகிறது. குறை சிறிதாக உள்ளதே பெரியது; எனவே 27/7 பெரிது.

இப்படி வாய்ப்பாக அமையாத இடங்களில் பொதுப் பகுதி எண்ணுக்கு மாற்ற வேண்டும். 6 இனதும் 7 இனதும் பொது மடங்குகளுட் சிறியது 42.

23/6 = (23 × 7)/42 = 161/42
27/7 = (27 × 6)/42 = 162/42

குறுக்குப் பெருக்கல் என்பது இதே வேலையை 42 ஐ எழுதாமல் செய்வது. 23 ஐ மற்றப் பின்னத்தின் 7 ஆல் பெருக்கி வரும் 161 ஐ 23 இன் தலைமேலும், 27 ஐ 6 ஆல் பெருக்கி வரும் 162 ஐ 27 இன் தலைமேலும் எழுத வேண்டும். பெருக்கத்தை எந்தத் தொகுதி எண்ணிலிருந்து தொடங்கினோமோ அதன் மேலேயே எழுதாவிட்டால் விடை தலைகீழாகும். நான் பார்த்த கொப்பிகளில் இந்த முறையால் வந்த பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கலில் வந்தவை அல்ல, பெருக்கத்தைப் பக்கம் மாற்றி எழுதியதால் வந்தவை.

பிள்ளை இந்தச் சோடிக்குச் சமம் என்று எழுதியிருந்தாள். கேட்டபோது, இரண்டு பட்டைகளை வரைந்து நிறம் தீட்டிப் பார்த்ததாகவும் இரண்டும் ஒரே நீளமாக வந்ததாகவும் சொன்னாள். கொப்பியைப் பார்த்தேன்; ஒரு முழுமைக்கு 10 சென்ரிமீற்றர் எடுத்து நேர்த்தியாகத்தான் வரைந்திருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் 1/42, அதாவது அந்தப் பட்டையில் ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். ஏழாகப் பிரிக்கும்போது அடிமட்டத்தில் சரியான அளவு விழாமல் ஒவ்வொரு பிரிப்பிலும் அவள் சிறிது சிறிதாக விட்ட பிழைக்குள் அந்த வித்தியாசம் அடங்கிவிட்டது.