கேபிளின் கீழ் முனையில் 25 ஓம், ஆன்டெனாவில் எவ்வளவு?

145 மெகாஹெர்ட்ஸில் கேபிளின் கீழ் முனையில் அனலைசர் 25 ஓம், அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர் 2 என்று காட்டினால், ஆன்டெனாவும் 25 ஓம்தான் என்று முடிவு கட்டி மேட்சிங்கில் கை வைத்துவிடாதீர்கள். மின்மறுப்பைப் புள்ளியாகக் குறிக்கும் வட்ட வரைபடமான ஸ்மித் சார்ட்டில் அந்தப் புள்ளி வழியாக, மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஆன்டெனா பக்கம், அதாவது இடஞ்சுழியாக நகருங்கள். கேபிளுக்குள் ஒவ்வொரு அரை அலைநீளத்துக்கும் ஒரு முழுச் சுற்று. 50 ஓம் ஆர்ஜி-58 கேபிளில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தைப் போல 0.66 மடங்குதான் என்பதால் கால் அலைநீளம் சுமார் 34 செ.மீ. 1.7 மீட்டர் கேபிள் என்றால் இரண்டரைச் சுற்று, புள்ளி நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்: ஆன்டெனா 100 ஓம்! இரண்டுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர் 2தான், வெறும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

அப்புறம், நீளமான கேபிளில் ஆன்டெனாவிலிருந்து மீட்டர் பக்கம் வர வர இழப்பால் வட்டம் மையத்தை நோக்கிச் சுருங்கும். 3 டெசிபெல் இழப்பு இருந்தால் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் சுமார் 3 என்றுதான் காட்டும்.