'இரண்டு நாளாகக் காய்ச்சல்': டாக்டரிடம் இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் சில வாரம் மொழி ஒரு தடையாகவே தெரியாது. லயத்தில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், மண்டோரிடமும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் நாலைந்து மலாய்ச் சொற்கள் போதும். ஆங்கிலம் தேவைப்படுவது கிளினிக்கிலும் தோட்ட ஆபீசிலும் பேங்கிலும்தான். அங்கே கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எப்போது நடந்தது? இன்னும் இருக்கிறதா, முடிந்துவிட்டதா? நாம் சறுக்குவதும் சரியாக இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே இலக்கணம் முழுவதையும் சொல்லப்போவதில்லை. காலத்தை எப்படிச் சரியாகச் சொல்வது, அதற்கு வாக்கியத்தை எப்படி அடுக்குவது, அவ்வளவுதான்.

'எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்கிறோம். இதில் வினைச்சொல்லே இல்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை என்பதை 'நாளாக' என்பதிலுள்ள அந்த 'ஆக' சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைச்சொல்தான் செய்தாக வேண்டும். 'ஐ ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். இன்னும் இருக்கிறது என்றால் 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்று சொல்ல வேண்டும். நடுவில் வரும் ஒரு 'ஹேவ்' போனால் நோயே போய்விட்டது என்று ஆகிவிடும்.

இதை நான் நேரில் பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். செம்பனைக் குலை வெட்டும்போது உள்ளங்கையில் முள் ஏறி, கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் உண்டா என்று கேட்டார். 'ஐ ஹேட் ஃபீவர், டாக்டர். டூ டேஸ்' என்றான். 'நவ் ஓகே?' என்றார் அவர். பெரியவர் கேட்கிறாரே என்று இவன் மரியாதையாகத் தலையாட்டினான். டாக்டரின் பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் குறுக்கிட்டு, காய்ச்சல் இன்னும் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தெர்மாமீட்டரை எடுத்தார்கள். காய்ச்சல் நன்றாகவே இருந்தது. முள் குத்திய இடம் வீங்கி, கூடவே காய்ச்சலும் அடித்தால் அது சீழ் பிடிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதனால்தான் டாக்டருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

அன்று அவன் தமிழில் என்னிடம் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். 'முந்தாநாள் காலையில் குலை வெட்டும்போது கையில் முள் குத்திவிட்டது. அதிலிருந்து கை வீங்கியிருக்கிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது. நேற்று வேலைக்குப் போகவில்லை.' நாலு வாக்கியம். ஒவ்வொன்றிலும் முதலில் காலச் சொல்லைத் தேடுங்கள்.

முதல் வாக்கியத்தில் 'முந்தாநாள் காலை'. அது முடிந்துபோன நேரம். முடிந்த நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' வரவே கூடாது. வெறும் இறந்தகாலம்தான். 'எ தார்ன் வென்ட் இன்டு மை ஹேண்ட் த டே பிஃபோர் யெஸ்டர்டே, வைல் ஐ வாஸ் கட்டிங் ஃப்ரூட்.' 'வெட்டும்போது' என்பதில் தமிழ் காலத்தைக் காட்டுவதில்லை. நாளைக்கு வெட்டும்போதும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அது நடந்துமுடிந்த விஷயம் என்பதால் 'ஐ வாஸ் கட்டிங்' என்றாக வேண்டும். 'ஐ ஆம் கட்டிங்' என்பது தவறு.

இரண்டாவதில் 'அதிலிருந்து'. வீக்கம் அப்போது தொடங்கி இன்னும் இருக்கிறது. 'மை ஹேண்ட் ஹேஸ் பீன் ஸ்வாலன் சின்ஸ் தென்.' மூன்றாவதில் 'இரண்டு நாளாக'. 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்.' இங்கே சின்ஸ், ஃபார் இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்று சொல்லாத தமிழரைப் பார்ப்பது அரிது. இதற்குத் தமிழே நல்ல வழி காட்டுகிறது. 'இலிருந்து' போட்டு ஒரு தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ்: திங்கட்கிழமையிலிருந்து, காலையிலிருந்து, ஜூன் மாதத்திலிருந்து. 'ஆக' போட்டு எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார்: மூன்று மாதமாக, இரண்டு நாளாக, ஒரு மணி நேரமாக. அப்புறம் அந்த 'ஆம் ஹேவிங்'. 'அடிக்கிறது' என்பதில் வரும் 'கிற' நம்மை 'இங்' பக்கம் இழுத்துவிடும். உடம்புக்கு இருப்பது, தெரிவது, புரிவது, பிடிப்பது போன்றவற்றுக்கு அது வேண்டாம். 'ஐ ஹேவ்', 'ஐ நோ', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று நேராகச் சொல்லுங்கள்.

நாலாவது வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 'போகவில்லை' என்பதில் காலம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. நேற்று போகவில்லை, இன்னும் போகவில்லை, இப்போது போகவில்லை, மூன்றுக்கும் ஒரே சொல்தான். பக்கத்தில் இருக்கும் காலச் சொல்தான் நமக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வடிவம். 'ஐ டிட் நாட் கோ யெஸ்டர்டே.' 'ஐ ஹேவ் நாட் கான் யெட்.' 'ஐ ஆம் நாட் கோயிங்.' ஆபீசில் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம். 'சம்பளம் வரவில்லை' என்பதை 'மை சேலரி டிட் நாட் கம்' என்றால் ஏதோ பழைய மாதத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும். எந்த மாதம் என்று கேட்பார்கள். இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்றால் 'மை சேலரி ஹேஸ் நாட் கம் யெட்' என்று சொல்ல வேண்டும். 'இன்னும்' என்று மனத்தில் வந்தால் கடைசியில் 'யெட்' வர வேண்டும், நடுவில் 'ஹேஸ் நாட்' அல்லது 'ஹேவ் நாட்' வர வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: 'டிட் நாட் வென்ட்', 'டிட் நாட் கேம்' என்று இறந்தகாலத்தை இரண்டு தடவை போடாதீர்கள். 'டிட்' ஏற்கெனவே அதைச் சொல்லிவிட்டது.

'இருக்கிறேன்' என்று முடியும் வாக்கியங்களிலும் ஒரு பள்ளம் உண்டு. 'பணம் அனுப்பியிருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் சென்ட் த மணி'. சரி. ஆனால் தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்றும் சொல்லலாம். அதை அப்படியே 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' என்றால் போதும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 'அகோ' என்று முடிவது எதுவானாலும் அதுவே கணக்கு. வேலையில் அடிபட்டவர்களுக்கு இது வெறும் இலக்கண விஷயம் இல்லை. தொழிலாளி காயப்பட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கெசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு அதன் கீழ் உண்டு. எந்த நாள், எத்தனை மணி என்பதை இறந்தகாலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். 'இட் ஹேப்பன்ட் ஆன் டியூஸ்டே, அட் நைன் இன் த மார்னிங்.'

இனி அடுக்கும் வரிசை. தமிழில் முக்கியமானது கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது முன்னால் வர வேண்டும். 'நேற்று கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதிலிருந்து தலை சுற்றுகிறது' என்பதை முன்னாலிருந்து மொழிபெயர்த்தால் 'யெஸ்டர்டே கிளினிக் கிவன் டேப்லெட்' என்று தொடங்கி அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிடுவீர்கள். கடைசிக்குப் போங்கள். தலை சுற்றுகிறது. யாருக்கு? எனக்கு. 'எனக்கு' என்று தமிழில் வருவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஐ' ஆகிவிடும். 'ஐ ஹேவ் ஃபெல்ட் டிஸ்ஸி'. எப்போதிலிருந்து? 'சின்ஸ் ஐ டுக் த டேப்லெட்ஸ்'. எந்த மாத்திரை? 'தட் த கிளினிக் கேவ் மீ யெஸ்டர்டே'. பின்னாலிருந்து முன்னால் நடந்து வந்தால் வாக்கியம் தானாக அமைந்துவிடும். 'கொடுத்த மாத்திரை' என்பதில் வர்ணனை முன்னால், பொருள் பின்னால். ஆங்கிலத்தில் பொருள் முதலில், வர்ணனை அப்புறம். 'யெஸ்டர்டே' எந்த வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். 'டுக்' பக்கத்தில் போட்டால் மாத்திரையை நேற்று சாப்பிட்டதாக ஆகும். 'கேவ் மீ' பக்கத்தில் போட்டால் நேற்று கொடுத்ததாக ஆகும். இன்று காலைதான் சாப்பிட்டீர்கள் என்றால் டாக்டர் போடும் கணக்கே மாறிவிடும்.

கேள்விகளில் ஒரே ஒரு விஷயம். 'ஆபீஸ் எப்போது திறக்கும்?' என்று நேராகக் கேட்டால் 'வென் டஸ் த ஆபீஸ் ஓப்பன்?' 'ஆபீஸ் எப்போது திறக்கும் தெரியுமா?' என்றால் 'டு யூ நோ வென் த ஆபீஸ் ஓப்பன்ஸ்?' உள்ளே போன கேள்விக்கு 'டஸ்' தேவையில்லை.

கடைசியாக இந்த ஊர் ஆங்கிலம். சாப்பாட்டுக் கடையில் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்று கேட்பீர்கள். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு மாறாது. ஒன்று முடிந்ததைச் 'சுடா' என்று தனிச் சொல் போட்டுச் சொல்வார்கள். இங்கத்து 'ஆல்ரெடி' பல நேரம் அந்த வேலையைத்தான் செய்கிறது. நண்பர்களோடு பேசும்போது தாராளமாகப் பேசுங்கள், யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் கிளினிக்கில் 'ஐ டேக் மெடிசின் ஆல்ரெடி' என்றால் இன்று ஒரு தடவை சாப்பிட்டீர்களா, ஒரு வாரமாகச் சாப்பிட்டு வருகிறீர்களா என்பது தெரியாது. அங்கே மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். இன்று ஒரு தடவை என்றால் 'ஐ டுக் ஒன் டேப்லெட் அட் எய்ட் திஸ் மார்னிங்'. ஒரு வாரமாக என்றால் 'ஐ ஹேவ் பீன் டேக்கிங் திஸ் ஃபார் எ வீக்'. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.