கூரைக் கசிவுக்குப் பிசின் செலுத்தும் துளை எங்கே போடுவது

சிராங்கூனில் எங்கள் பழைய தரைவீட்டின் கான்கிரீட் கூரை ஒழுகியபோது, முதலில் வந்தவர் விரிசலின் மேலேயே நேராகத் துளையிட்டு, நீர் பட்டால் நுரைத்துப் பொங்கும் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்தினார். இரண்டே மழையில் மீண்டும் சொட்டியது.

விரிசல் உள்ளே வளைந்து செல்லும் என்பதால், 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்தில் அதிலிருந்து 75 மில்லிமீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில், இருபுறமும் மாறி மாறித் துளையிட்டால்தான் துளை தளத்தின் நடுவே விரிசலை வெட்டும். அடுத்த துளையில் நுரை பொங்கி வந்தால் பிசின் உள்ளே ஓடியிருக்கிறது என்று பொருள்; வராவிட்டால், அழுத்தத்தைக் கூட்டாமல் புதிதாகத் துளையிடச் சொல்லுங்கள்.

நுரை நீரை மட்டுமே அடைக்கும், தளத்துக்கு வலுவூட்டாது. வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால், மேற்பரப்பில் நீர்த்தடுப்புப் பூச்சும் கட்டாயம் வேண்டும்.