ஆறு சிறுபொழுதுகளை மணிக்கூட்டில் பார்க்க

பிள்ளைகளுக்குச் சிறுபொழுது சொல்லிக்கொடுக்கும்போது காலை 6 மணியில் தொடங்கி, நான்கு நான்கு மணியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை 6–10, நண்பகல் 10–2, எற்பாடு 2–6, மாலை 6–10, யாமம் 10–2, வைகறை 2–6. ஒவ்வொன்றும் பத்து நாழிகை.

தடுமாற்றம் வருவது எற்பாட்டில்தான். பிற்பகல் 4 மணியை இன்று நாம் மாலை என்கிறோம். பழைய கணக்கில் அது எற்பாடு. மட்டக்களப்பில் எழுவான்கரையில் நின்று பார்த்தால், வெயில் வாவிக்கு மேலாகச் சரிந்து படுவான்கரைப் பக்கம் இறங்கும் நேரம். சூரியன் மறைந்து வீட்டில் விளக்கேற்றும்போதுதான் மாலை தொடங்குகிறது. அதேபோல, அதிகாலை 3 மணிக்கு வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர் போவது யாமத்தில் அல்ல, வைகறையில்.

நம் பகுதியில் ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியை ஒட்டியே எழுவதால், இந்தக் கணக்கு அரை மணிக்கு மேல் பிசகாது.