புத்தகத்தில் ஒரு கோடி லாபம், வரிக்கணக்கில் 30 லட்சம்: மேட் வரியைக் கணக்கிடும் முறை

சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொள்ளும் கணக்கு. 2024-25 நிதியாண்டின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி 2 கோடி ரூபாய்க்குப் புதிய இயந்திரங்களை வாங்கி ஓட்டத் தொடங்கியது. ஏற்காட்டில் அதற்கு ஒரு சிறிய காபித் தோட்டமும் உண்டு. பறித்த பழத்தைப் பதப்படுத்தாமல் அப்படியே விற்றுவிடுகிறது. ஆண்டு முடிவில் லாப நட்டக் கணக்கு, வரிக்கு முந்தைய லாபமாக 1 கோடி ரூபாயைக் காட்டுகிறது. ஆனால் வருமான வரிச் சட்டப்படி கணக்கிட்டால் வரிக்குரிய லாபம் 30 லட்சம்தான் வருகிறது. இப்படிப்பட்ட கம்பெனிகளுக்காகத்தான் குறைந்தபட்ச மாற்று வரி, அதாவது மேட், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115ஜேபி பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான வரி, புத்தக லாபத்தின் மீது கணக்கிடும் மேட் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைக் கம்பெனி கட்ட வேண்டும் என்பதே இதன் சாரம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அந்தச் சட்டத்தின் விதிகளையே பார்க்க வேண்டும்.

முதல் படி: வழக்கமான வரி

லாபம் இவ்வளவு குறைவதற்கு முக்கியக் காரணம் தேய்மானம். கம்பெனிகள் சட்டப்படி இயந்திரத்தின் விலை அதன் ஆயுட்காலம் முழுவதும் பரவலாகக் கழிக்கப்படுவதால், புத்தகத்தில் மொத்தத் தேய்மானம் 15 லட்சம் மட்டுமே. வருமான வரிச் சட்டமோ, உற்பத்தி செய்யும் கம்பெனி புதிய இயந்திரத்தை 180 நாளோ அதற்கு மேலோ பயன்படுத்தியிருந்தால், முதல் ஆண்டிலேயே 15 சதவீதமும் கூடுதல் தேய்மானமாக 20 சதவீதமும் தருகிறது. 2 கோடியில் 35 சதவீதம் 70 லட்சம். பழைய சொத்துகளுக்கு 10 லட்சம் சேர்த்தால் 80 லட்சம்.

புத்தகத்தில் 5 லட்சம் ரூபாய் வாராக்கடன் ஒதுக்கீடாகச் செலவெழுதப்பட்டிருக்கிறது. அது வெறும் ஒதுக்கீடு என்பதால் வரிக்கணக்கில் ஏற்கப்படாது. காபியில் கிடைத்த நிகர லாபம் 10 லட்சம் விவசாய வருமானம் என்பதால் விலக்குப் பெறும்.

```
100 + 15 + 5 − 80 − 10 = 30 லட்சம்
வரி 25%               = 7.50 லட்சம்
செஸ் 4% சேர்த்து        = 7.80 லட்சம்
```

2022-23 நிதியாண்டின் விற்றுமுதல் 400 கோடியைத் தாண்டாத உள்நாட்டுக் கம்பெனி என்பதால் இங்கே 25 சதவீத வீதம் பொருந்துகிறது. வருமானம் 1 கோடிக்குள் இருப்பதால் சர்சார்ஜ் கிடையாது.

இரண்டாம் படி: புத்தக லாபம்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். புத்தக லாபம் என்பது லாப நட்டக் கணக்கின் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்வதல்ல. அந்த வரியில் தொடங்கி, சட்டம் பட்டியலிட்டிருக்கும் தொகைகளை மட்டும் கூட்டியும் கழித்தும் வந்து சேரும் தொகை. பட்டியலில் இல்லாத எதையும், அது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், சேர்க்கவோ நீக்கவோ முடியாது. கம்பெனிகள் சட்டப்படி முறையாகத் தயாரித்துத் தணிக்கை செய்த கணக்கை வரி அதிகாரியும் தன் விருப்பப்படி திருத்த முடியாது என்பதை, மேட் வரிக்கு முன்னோடியான 115ஜே பிரிவு தொடர்பான அப்போலோ டயர்ஸ் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே இந்தக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் உண்டு.

நம் கம்பெனியின் வரிக்குப் பிந்தைய லாபம் 76.60 லட்சம். வரி என்ற தலைப்பில் எழுதிய 23.40 லட்சத்தை முதலில் திரும்பக் கூட்ட வேண்டும். இதில் ஒத்திவைக்கப்பட்ட வரியும் அடக்கம். வாராக்கடன் ஒதுக்கீடு சொத்தின் மதிப்புக் குறைவுக்கான ஒதுக்கீடு என்பதால் அந்த 5 லட்சத்தையும் கூட்ட வேண்டும்.

காபிக்கு வருவோம். விற்பனை 16 லட்சம், தோட்டச் செலவு 6 லட்சம். 16 லட்சத்தைக் கழித்துவிட்டுச் செலவைக் கூட்ட மறந்துவிட்டால், புத்தக லாபம் 6 லட்சம் குறைந்துவிடும். விலக்குப் பெறும் வருமானத்தைக் கழிக்கச் சொல்லும் சட்டமே, அதற்கான செலவைக் கூட்டவும் சொல்கிறது. பழத்தைப் பதப்படுத்தி விற்கும் தோட்டமாக இருந்தால் கணக்கு வேறு. அப்போது வருமானத்தின் 25 சதவீதம் வணிக வருமானமாகிவிடும்.

```
76.60 + 23.40 + 5 + 6 − 16 = 95 லட்சம்
மேட் 15%                   = 14.25 லட்சம்
செஸ் 4% சேர்த்து             = 14.82 லட்சம்
```

இந்தக் கணக்கில் 80 லட்சம் என்ற எண் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தில் எழுதிய 15 லட்சம் தேய்மானம்தான் இங்கே நிற்கிறது. உங்கள் கணக்கில் புத்தக லாபமும் வரிக்குரிய லாபமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டால், வருமான வரித் தேய்மானம் தவறுதலாக உள்ளே நுழைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புத்தகத்தில் பழைய நட்டம் இருந்தால், நட்டம், கழிக்கப்படாத தேய்மானம் ஆகிய இரண்டில் குறைந்ததை மட்டும் கழிக்கலாம்; ஒன்று பூஜ்யமாக இருந்தால் கழிக்க ஏதுமில்லை.

மூன்றாம் படி: ஒப்பிட்டுக் கட்டுதல்

7.50 லட்சத்தைவிட 14.25 லட்சம் அதிகம் என்பதால், கம்பெனி செஸ் உட்பட 14.82 லட்சம் கட்ட வேண்டும். இதை மார்ச் முடிந்தபின் கண்டுபிடிப்பதுதான் பல கம்பெனிகளுக்கு வினையாகிறது. மேட் வரிக்கும் முன்வரி உண்டு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முறையே 15, 45, 75, 100 சதவீதம் கட்டி முடித்திருக்க வேண்டும். 7.80 லட்சம் என்று நினைத்து முன்வரி கட்டியிருந்தால் 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டி ஏறும். ரோல்டா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த வட்டியை உறுதி செய்துவிட்டது. பெரிய இயந்திரம் வாங்கிய ஆண்டில் ஜூன் தவணைக்கு முன்பே மேட் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆடிட்டர் படிவம் 29பியில் புத்தக லாபத்தைச் சான்றளித்து, ரிட்டர்ன் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஐடிஆர் 6 படிவத்தில் உள்ள மேட் அட்டவணை அந்தச் சான்றோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும்.

நான்காம் படி: கிரெடிட்டைக் காப்பாற்றுதல்

அதிகமாகக் கட்டிய 14.82 − 7.80 = 7.02 லட்சம் போய்விடுவதில்லை. 115ஜேஏஏ பிரிவின்படி அது மேட் கிரெடிட்டாக 15 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை நிற்கும். மறு ஆண்டு கூடுதல் தேய்மானம் கிடையாது என்பதால் வழக்கமான வரி உயரும். அது 22 லட்சமாகவும் மேட் 16 லட்சமாகவும் வந்தால், இடைவெளியான 6 லட்சம் வரை கிரெடிட்டைக் கழித்துக்கொண்டு 16 லட்சம் கட்டினால் போதும், மீதம் 1.02 லட்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். வரி எப்போதும் மேட் தொகைக்குக் கீழே இறங்காது.

இந்தக் கிரெடிட்டை ஒரே முடிவில் இழக்கவும் கூடும். சில சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த வீதத்தில் வரி கட்ட வழிசெய்யும் 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்தால் மேட் கிடையாது. ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடுதல் தேய்மானமும் சேர்த்து வைத்த மேட் கிரெடிட்டும் கிடையாது. நம் கம்பெனி இந்த ஆண்டே அதைத் தேர்ந்தெடுத்தால் தேய்மானம் 40 லட்சமாகக் குறைந்து, வருமானம் 70 லட்சமாகும். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்த 25.168 சதவீதத்தில் வரி 17.62 லட்சம். இப்போது கட்டுவது 14.82 லட்சம், அதிலும் 7.02 லட்சம் திரும்பப் பயன்படக்கூடியது. எனவே 2024-25 நிதியாண்டைப் பொறுத்தவரை வழக்கமான முறையில் இருப்பதே இந்தக் கம்பெனிக்கு ஆதாயம் என்பது என் கருத்து. 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கான படிவம் 10-ஐசியை ரிட்டர்ன் கடைசி நாளுக்குள் ஒருமுறை கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. ஆகவே கையெழுத்திடும் முன் மீதமுள்ள மேட் கிரெடிட் எவ்வளவு என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.