சுவரோவியப் பாணி அனிமேஷன்: பட்டை நகரும்போது நேரும் தவறுகள்

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் என்ற மன்னனின் கதை பட்டை பட்டையாக ஓடும். அதைப் பார்க்க நாம்தான் அண்ணாந்தபடி நடக்க வேண்டும். அனிமேஷனில் நடப்பது கேமரா. அதனால்தான் இந்தப் பாணியை எடுப்பவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகரும் காட்சியோடு தொடங்குகிறார்கள். முதல் தவறும் அங்கேதான் வருகிறது.

ஓரத்து அலங்காரத்தில் ஒரே பூ 40 பிக்சலுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 24 ஃபிரேம். கேமராவை ஃபிரேமுக்கு 30 பிக்சல் நகர்த்தினால், ஒவ்வொரு பூவும் அடுத்த பூ இருந்த இடத்தை எட்ட 10 பிக்சல் குறைவாக நிற்கும். கண் அருகில் இருப்பதையே பிடித்துக்கொள்வதால் பட்டை பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். 20 பிக்சல் என்றால் எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாமல் துடிக்கும். 40 என்றால் அப்படியே நின்றுவிடும், உள்ளே மன்னன் மட்டும் வழுக்கிக்கொண்டு போவார்.

வழக்கமாக இதை அசைவு மங்கலைச் சேர்த்து மறைப்பார்கள். இங்கே அது கூடாது. கோடு மங்கினால் சுவரோவியமே போய்விடும். நான் வைத்திருக்கும் கணக்கு, ஃபிரேமுக்கு நகரும் தூரம் பூவின் இடைவெளியில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது. 40க்கு 10தான் எல்லை. 8 வைத்தால் நிம்மதி. அந்த வேகத்தில் 1920 பிக்சல் அகலமுள்ள ஒரு திரை கடக்க 10 வினாடி ஆகும். கதைக்கு அது மெதுவா? சரி, பூவைப் பெரிதாக்குங்கள். 120 பிக்சல் இடைவெளி என்றால் 30 வரை போகலாம். இல்லையென்றால் ஓரத்தைத் திரையோடு அசையாமல் நிறுத்திவிட்டு உள்ளிருக்கும் உருவங்களை மட்டும் நகர்த்தலாம்.

அடுத்தது வெளிக்கோடு. 6 பிக்சல் கோட்டில் வரைந்த முகத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கோடு 12 ஆகிவிடும். அடுத்த காட்சியில் மறுபடி 6 வரும்போது வேறொருவர் வரைந்த படம் போல இருக்கும். நெருக்கக் காட்சியைத் தனியாக வரையுங்கள். கோடு 7, 8க்கு மேல் வேண்டாம், கிடைக்கும் இடத்தில் நகை வேலைப்பாட்டைக் கூட்டுங்கள். நிறத்தைக் கோட்டின் உள்விளிம்போடு நிறுத்தாமல் கோட்டின் பாதி வரை அடியில் விடுங்கள். இல்லையென்றால் உருவம் அசையும்போது மயிரிழை இடைவெளி மினுங்கும்.

உருவத்துக்குப் பின்னால் நிழல் சேர்ப்பதும், பின்னணி மரங்களை வேறு வேகத்தில் நகர்த்துவதும் வேண்டாம். இரண்டுமே உருவத்தைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடும். உருவம் தனித்துத் தெரியவில்லை என்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். காவிச் சிவப்புப் பின்னணியும் பச்சை உடையும் ஒரே சாம்பலாக வந்தால் கோளாறு அங்கேதான். பச்சையை வெளிறவைத்தால் போதும்.