முதல் தவறுக்கே டிஸ்மிஸ்: வக்கீல்கள் கோட்டைவிடும் இடம்

போன வாரம் ஜூனியர் ஒருவர் லேபர் கோர்ட்டில் போடவேண்டிய க்ளெய்ம் ஸ்டேட்மென்ட்டைத் திருத்தித் தரச் சொன்னார். பதினான்கு பக்கம். பதிமூன்றரைப் பக்கத்துக்கு 'என் கட்சிக்காரர் தூங்கவேயில்லை'. கடைசி வரியில் மட்டும் 'தண்டனையும் அதிகம்'. இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதியதையே யாரோ பிரதி எடுத்தது போல இருந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கெடு தவறுவது, தேதி மாறுவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குற்றத்தை மட்டும் மறுப்பது

என் கட்சிக்காரர் ஒரு நூற்பாலையில் பதினொரு வருஷம் ரிங் ஃப்ரேம் ஓட்டியவர். நைட் ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்குக் கூடைகளுக்கு நடுவே கண்ணயர்ந்துவிட்டார். சார்ஜ் மெமோ, உள்விசாரணை, டிஸ்மிஸ். என்னிடம் அவர் மறைக்கவில்லை: "ஆமாங்க சார், அசந்துட்டேன். இதுக்கு முன்னாடி ஒரு மெமோகூட வாங்கினதில்ல." நான் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவே இல்லை. சூப்பர்வைசரை இரண்டு வாய்தா குறுக்கு விசாரணை செய்து, 'கண் மூடியிருந்தால் தூக்கமா' என்றெல்லாம் சாமர்த்தியம் காட்டினேன்.

விசாரணை முறையாகத்தான் நடந்தது, குற்றம் நிரூபணம் என்று கோர்ட் முடிவு செய்தது. அப்புறம் வாதத்தின்போது 'இது முதல் தவறு' என்று எழுந்தேன். "எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார் நீதிபதி. வழக்குக் கட்டில் அதற்கு ஒரு தாள்கூட இல்லை. தண்டனை பற்றிய நோட்டீசுக்குக் கொடுத்த பதிலிலும் 'குற்றச்சாட்டு பொய்' என்று மட்டுமே எழுதியிருந்தோம். டிஸ்மிஸ் நின்றது. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது, என் மேல்தான்.

தொழில் தகராறுகள் சட்டத்தின் 11-ஏ பிரிவு 1971-ல் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் போய்த் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்தது, இந்த விதி அதிலும் தொடர்கிறது. குற்றம் நிரூபணமான பிறகும், டிஸ்மிஸ் நியாயமில்லை என்று கோர்ட் கருதினால் அதை ரத்து செய்து சிறிய தண்டனை கொடுக்கலாம் என்கிறது அது. ஆனால் கோப்பில் உள்ளதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. வாதத்தில் வாயால் சொல்வது கோப்பில் சேராது.

ஆகவே தண்டனை பற்றிய நோட்டீஸ் வந்தால், பதிலிலேயே சர்வீஸ் எத்தனை வருஷம், முன் தண்டனை இல்லை என்று எழுதிவிடுங்கள். மாதிரி நிலையாணைகளே குற்றத்தின் தன்மையோடு முந்தைய பணிப் பதிவையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. க்ளெய்ம் ஸ்டேட்மென்ட்டில் 'குற்றம் நிரூபணமானதாகவே வைத்துக்கொண்டாலும்' என்று தொடங்கித் தனிப் பத்தி வேண்டும். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, கட்சிக்காரர் பயந்தால் விளக்குங்கள். பெர்சனல் ஃபைலைத் தாக்கல் செய்ய நிர்வாகத்துக்கு உத்தரவு கேட்டு மனு போடுங்கள். நிர்வாக சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி: "பதினொரு வருஷத்தில் இவருக்கு ஒரு மெமோவாவது கொடுத்தீர்களா?" 'இல்லை' என்ற பதில் உங்கள் சாட்சியம்.

பதிவு எவ்வளவு கனமானது என்பதற்கு இரண்டு தீர்ப்புகள். 1982-ல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கில், தகாத வார்த்தை பேசிய தொழிலாளிக்கு 14 வருஷ சர்வீஸில் வேறு புகார் இல்லை என்று பார்த்த உச்ச நீதிமன்றம், டிஸ்மிஸை நீக்கி இரண்டு ஊதிய உயர்வை மட்டும் நிறுத்தியது. 2005-ல் பாரத் ஃபோர்ஜ் வழக்கில் வேலை நேரத்தில் தூங்கியவரின் டிஸ்மிஸை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் மீது ஏற்கெனவே மூன்று முறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. என் கட்சிக்காரர் மீது ஒன்றுகூட இல்லை.

பழைய மெமோவைக் கண்டு சும்மா இருப்பது

முந்தைய பதிவைக் காரணமாக்கித் தண்டனையைக் கூட்டுவதென்றால் அதை முன்கூட்டியே தெரிவித்து விளக்கம் கேட்டிருக்க வேண்டும். அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் (மஞ்சே கவுடா) 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. டிஸ்மிஸ் உத்தரவில் திடீரென்று பழைய மெமோ முளைத்திருந்தால் அங்கேயே பிடியுங்கள்.

'பத்து ரூபாய்தானே'

டிக்கெட் பணத்தைக் கையாடியதாக வரும் பஸ் கண்டக்டர் வழக்கில் இதைச் சொல்லாதீர்கள். தொகை முக்கியமில்லை, நம்பிக்கைதான் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

ஹைகோர்ட் அளவுகோலை இங்கே நீட்டுவது

'மனசாட்சியை அதிரவைக்கும் தண்டனை' என்பது ரிட் மனுவுக்கான அளவு. லேபர் கோர்ட் தானே எடைபோடலாம், காரணம் எழுதினால் போதும். எதற்குக் கடினமான அளவுகோலை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

முழு பேக் வேஜஸ் வாக்குறுதி

கொடுக்காதீர்கள். தண்டனை குறைந்தாலும் குற்றம் நிற்கிறது. வேலை கிடைத்து, இடைக்காலச் சம்பளம் பாதியோ அதற்கும் குறைவோ வந்தால், கட்சிக்காரர் அதை முதல் நாளே உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.